சந்திப்புக்கு முன்பே சரியான தடம்: சாலை அம்புக்குறிகளைப் படித்து ஓட்டுவதற்கான முழுமையான வழிகாட்டி

நகரச் சாலையில் கார் ஓட்டத் தொடங்கியவர்களுக்குப் பக்கத்து இருக்கையில் அமர்ந்து பார்த்தால், பெரும்பாலானோர் தடுமாறுவது ஒரே இடத்தில்தான் என்பது தெரியும். சிக்னலுக்கு ஐம்பது மீட்டர் முன்னால் தரையில் இருக்கும் அம்பைப் பார்ப்பார்கள். அது தாம் போக வேண்டிய திசையைக் காட்டவில்லை என்று அப்போதுதான் உணர்வார்கள். உடனே ஸ்டியரிங்கைத் திருப்புவார்கள். அம்பைப் படிக்கத் தெரியாததால் இப்படி நடப்பதில்லை. தடத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலையை அம்பைப் பார்த்த பிறகு தொடங்குவதால்தான் நடக்கிறது.

அம்பைக் கண்டபின் முடிவெடுப்பதை விட்டு, முன்பே எடுத்த முடிவை அம்பைக் கொண்டு சரிபார்க்கும் வரிசைக்கு மாறினால் கடைசி நொடித் திருப்பங்கள் பெரும்பாலும் தேவைப்படாது. அந்த வரிசையைத்தான் கீழே கொடுத்திருக்கிறேன். இது தமிழ்நாட்டு நகரங்களில், ஒரு பக்கத்துக்கு இரண்டு அல்லது மூன்று தடங்கள் உள்ள சாலையில் கார் ஓட்டுபவர்களுக்காக எழுதப்பட்டது. தடங்களை எப்போதும் இடப்பக்கத்திலிருந்தே எண்ணுகிறேன்: நடைபாதையை ஒட்டியது முதல் தடம், நடுத் தடுப்பை ஒட்டியது கடைசித் தடம்.

1. புறப்படும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

முதலில் மூன்று கண்ணாடிகளையும் சரிசெய்யுங்கள். பக்கக் கண்ணாடிகளில் உங்கள் காரின் பக்கவாட்டு விளிம்பு மெல்லிய கீற்றாக மட்டும் தெரிந்தால் போதும். மீதிப் பரப்பு முழுவதும் பக்கத்துத் தடத்தைக் காட்ட வேண்டும். காரின் கதவே பாதிக் கண்ணாடியை அடைத்துக்கொண்டிருந்தால், தடம் மாறும்போது தேவையான இடம் கண்ணில் படாது.

இரண்டாவதாக, வழியைத் திருப்பங்களின் வரிசையாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 'அடுத்து வலது' என்று மட்டும் தெரிந்திருப்பது போதாது. 'அடுத்து வலது, அதன்பின் உடனே இடது' என்று இரண்டிரண்டாகத் தெரிந்திருக்க வேண்டும். வலப்பக்கம் திரும்பி முடித்ததும் எந்தத் தடத்தில் இருக்க வேண்டும் என்பதை இரண்டாவது திருப்பம்தான் தீர்மானிக்கிறது. இதன் பயன் ஐந்தாவது படியில் விளங்கும்.

மூன்றாவதாக, அந்தச் சந்திப்புக்கு மேலே மேம்பாலம் இருக்கிறதா, அங்கே வலப்பக்கம் திரும்ப அனுமதி உண்டா என்ற இரண்டு கேள்விகளுக்கும் வரைபடத்தைப் பார்த்து விடை தெரிந்துகொள்ளுங்கள். இரண்டுமே தடத் தேர்வைத் தலைகீழாக மாற்றக்கூடியவை.

2. எந்த அம்பு எதைச் சொல்கிறது

நேர் அம்பு உள்ள தடத்திலிருந்து நேராக மட்டுமே போகலாம். இட அம்பு இடப்பக்கம் மட்டும், வல அம்பு வலப்பக்கம் மட்டும். ஒரே தண்டிலிருந்து இரண்டு தலைகள் பிரிந்தால் அந்த இரு திசைகளுக்கும் அந்தத் தடம் பொது. தண்டு வளைந்து தலை நம்மை நோக்கித் திரும்பியிருந்தால் அது யூ-டர்னுக்கான இடம். இவற்றை யாரும் குழப்பிக்கொள்வதில்லை.

குழப்பம் வருவது வேறு வகை அம்பில். தடத்தின் நடுவில் இல்லாமல், கோட்டை ஒட்டியோ கோட்டின் மீதோ சாய்வாக வரையப்பட்டிருக்கும் அம்பு திரும்பும் திசையைச் சொல்வதில்லை. முன்னால் தடம் முடிகிறது, அல்லது முந்துவதற்கு அனுமதியில்லாத பகுதி தொடங்குகிறது. ஆகவே அம்பு காட்டும் பக்கத்துத் தடத்துக்கு இப்போதே வந்துவிடுங்கள் என்பதே அதன் பொருள். புதிதாக ஓட்டுபவர்கள் இதை 'இடப்பக்கம் திரும்பும் தடம்' என்று எடுத்துக்கொண்டு, இல்லாத திருப்பத்துக்காக வேகத்தைக் குறைப்பதைப் பார்க்கலாம். தடத்தின் நடுவில் இருந்தால் திசை, கோட்டருகில் சாய்ந்திருந்தால் தடம் மாறச் சொல்லும் குறிப்பு என்று பிரித்துக்கொள்வது எளிது.

அம்போடு சேர்த்துப் படிக்க வேண்டியது அதன் இருபுறமும் உள்ள கோடு. விட்டுவிட்டு வரும் கோட்டை, பாதுகாப்பாக இருந்தால் கடக்கலாம். சந்திப்பை நெருங்கும்போது அதே கோடு தொடர்கோடாக மாறும். அதன்பின் தடம் மாறக் கூடாது. தொடர்கோடு தொடங்கும் இடத்துக்குப் பிறகு வாகனங்கள் தத்தம் தடத்திலேயே நின்று, அம்பு காட்டும் திசையில் மட்டும் போகும் என்று பக்கத்தில் வருபவரும் பின்னால் வருபவரும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையில்தான் அவர்கள் இடைவெளியைக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள்.

இவை வெறும் அலங்கார வண்ணம் என்ற எண்ணம் நம் ஊரில் பரவலாக இருப்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 'போக்குவரத்துக் குறி' என்பதற்குத் தரும் விளக்கத்தில் சாலையில் வரையப்படும் குறியீடுகளும் அடங்கும். அதே சட்டத்தின் 119ஆம் பிரிவு, கட்டாயக் குறிகளுக்கு ஏற்ப வாகனத்தை ஓட்டுவதை ஓட்டுநரின் கடமையாக்குகிறது.

3. அம்பு ஏன் தாமதமாகவே கண்ணில் படுகிறது

கார் ஓட்டுபவரின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்திலிருந்து நாற்பது மீட்டர் தொலைவில் உள்ள தரையைப் பார்க்கும்போது பார்வைக் கோணம் இரண்டு பாகைக்கும் குறைவு. அதனால்தான் சாலை அம்புகளை நீளவாக்கில் இழுத்து வரைகிறார்கள். மேலிருந்து பார்த்தால் ஒல்லியாகத் தெரியும் அம்பு, ஓட்டுநர் இருக்கையிலிருந்து இயல்பான வடிவில் தெரியும்.

ஆனால் முன்னால் ஒரு கார் போனால் இந்த ஏற்பாடு பயன்படாது. முன் காருக்கும் உங்களுக்கும் பத்து மீட்டர் இடைவெளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் முதல் நாலைந்து மீட்டரை உங்கள் காரின் பானெட்டே மறைத்துவிடுகிறது. மீதமுள்ள ஐந்து மீட்டர் தரைதான் கண்ணுக்குத் தெரியும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஐந்து மீட்டரை ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் கடந்துவிடுவீர்கள். முன்னால் பேருந்தோ லாரியோ போனால் மேலே தொங்கும் பலகையும் சேர்ந்து மறைந்துவிடும்.

மழை இரவு இன்னும் மோசம். சாலைக் குறியீடுகளில் நுண்ணிய கண்ணாடி மணிகள் கலந்திருக்கும். ஹெட்லைட் ஒளியை அவைதான் நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகின்றன. மணிகளின் மேல் தண்ணீர் படர்ந்தால் ஒளி திரும்பி வராது. அம்பு தரையோடு கரைந்துபோகும். புதிதாகத் தார் போட்டு இன்னும் கோடு வரையாத சாலையிலும், தேய்ந்துபோன சாலையிலும் பகலிலேயே இதே நிலைதான்.

ஆகவே உங்கள் தடத்தின் அம்பை மட்டும் தேடாதீர்கள். பக்கத்துத் தடங்களின் அம்புகள் பெரும்பாலும் முன்னதாகவே தெரியும், ஏனெனில் அங்கே உங்கள் பார்வையை நேராக மறைக்கும் வாகனம் இல்லை. மூன்று தடச் சாலையில் முதல் தடத்தில் இட அம்பும், இரண்டாவதில் நேர் அம்பும் தெரிந்துவிட்டால் மூன்றாவது எதுவாக இருக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம். சந்திப்புக்கு முன் ஒரே அம்பு பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை வரையப்பட்டிருக்கும். முதலில் வருவதைப் பிடிக்கப் பாருங்கள், கடைசி அம்பு நிறுத்தக் கோட்டுக்கு அருகில் இருப்பதால் தடம் தேர்வதற்கு உதவாது. அம்பே தெரியாத இடத்தில், மேலே தொங்கும் திசைப் பலகையும், எந்தத் தடத்து வாகனங்கள் எந்தப் பக்கத்து இண்டிகேட்டரைப் போட்டிருக்கின்றன என்பதும் அடுத்த சான்றுகள். இண்டிகேட்டரை முழுதாக நம்பிவிட வேண்டாம்; மூன்று நான்கு வாகனங்கள் ஒன்றுபோலப் போட்டிருந்தால் மட்டும் கணக்கில் கொள்ளுங்கள்.

4. எவ்வளவு தொலைவில் தொடங்க வேண்டும்

இங்கேதான் கொஞ்சம் கணக்குத் தேவை. ஒரு தடம் மாறுவதற்குக் கண்ணாடி பார்ப்பது, இண்டிகேட்டர் போட்டு மற்றவர்கள் அதைக் கவனிக்கக் காத்திருப்பது, மெல்ல நகர்ந்து அடுத்த தடத்தின் நடுவுக்கு வருவது எல்லாம் சேர்த்து எட்டு நொடி வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர் போகிறோம். எட்டு நொடிக்கு 110 மீட்டர். அதாவது இடைவெளி உடனே கிடைத்தால்கூட ஒரு தடத்துக்கு நூறு மீட்டருக்கு மேல் செலவாகும்.

இந்தத் தூரத்தை எந்த இடத்திலிருந்து பின்னோக்கி அளப்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். சிக்னல் கம்பத்திலிருந்து அளக்கிறார்கள். கொஞ்சம் அனுபவம் வந்தவர்கள் தொடர்கோடு தொடங்கும் இடத்திலிருந்து அளக்கிறார்கள். உண்மையான எல்லை இரண்டும் அல்ல. நீங்கள் சேர வேண்டிய தடத்தில் நிற்கும் வரிசையின் வால்தான் எல்லை. வலப்பக்கம் திரும்பும் தடத்தில் பதினைந்து கார்கள் நின்றால், ஒரு காருக்கு இடைவெளியோடு சேர்த்து ஏழு மீட்டர் என்ற கணக்கில் வரிசை 105 மீட்டர் நீளும். தொடர்கோடு ஐம்பது மீட்டர்தான் என்றாலும், அந்த 105 மீட்டருக்குள் வந்து சேர்ந்தவர் யாரையாவது இடித்து நுழையத்தான் வேண்டும்.

வரிசை எவ்வளவு நீளும் என்று முன்கூட்டி எப்படித் தெரியும்? தினமும் போகும் சாலையானால் நேரத்தை வைத்தே தெரியும். புதிய சாலையானால், தொலைவில் சிக்னல் விளக்கு கண்ணில் பட்டவுடன் அதன் நிறத்தைப் பார்ப்பதோடு நிற்காமல், எந்தத் தடத்தில் பிரேக் விளக்குகள் சிவப்பாகச் சேர்ந்து எரிகின்றன என்று பாருங்கள். சிவப்பு விளக்குகள் எங்கே தொடங்குகின்றனவோ அதுதான் வரிசையின் வால்.

குரல் வழிகாட்டும் செயலியை நம்பி ஓட்டுபவர்களுக்கு ஒரு குறிப்பு. 'இருநூறு மீட்டரில் வலப்பக்கம் திரும்பவும்' என்ற அறிவிப்பு 50 கிலோமீட்டர் வேகத்தில் பதினான்கு நொடி முன்னறிவிப்புதான். ஏற்கெனவே சரியான தடத்திலோ பக்கத்துத் தடத்திலோ இருப்பவருக்கு அது போதும். இரண்டு தடம் தாண்ட வேண்டியவருக்குப் போதாது. அந்த அறிவிப்பைத் திரும்புவதற்கான நினைவூட்டலாக வைத்துக்கொண்டு, தடத்துக்கான முடிவை அதற்கு முந்தைய அறிவிப்பிலேயே எடுத்துவிடுங்கள்.

5. எந்தத் தடம் என்று தீர்மானித்தல்

நேராகப் போகிறவர் நேர் அம்பு மட்டும் உள்ள தடத்தைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. நேரும் வலதும் சேர்ந்த தடத்தில், முன்னால் இருப்பவர் வலப்பக்கம் திரும்ப எதிர்ப்புற வாகனங்களுக்காகக் காத்திருந்தால் பச்சை விளக்கு முழுவதையும் அவருக்குப் பின்னாலேயே கழிக்க நேரிடும். பொறுமை இழந்து அப்போது இடப்பக்கத் தடத்துக்குத் தாவுவதுதான் சந்திப்புகளில் அடிக்கடி பார்க்கும் மோதலுக்குக் காரணம், ஏனெனில் பச்சை விழுந்தவுடன் அந்தத் தடத்தில் எல்லோரும் வேகமெடுக்கும் நேரம் அது.

நேரும் இடதும் சேர்ந்த தடத்தில் வேறு சிக்கல். 'இடப்பக்கம் எப்போதும் திரும்பலாம்' என்ற பலகை உள்ள சந்திப்பில், சிவப்பு விளக்கின்போது நேராகப் போகிறவர் அந்தத் தடத்தில் முதலாவதாக நின்றால் பின்னால் உள்ள எல்லோரும் ஹாரன் அடிப்பார்கள். ஹாரனுக்குப் பயந்து நிறுத்தக் கோட்டைத் தாண்டி நடைபாதைக் கோடுகள்மீது போய் நிற்பது புதியவர்கள் செய்யும் தவறு. அம்பு இரண்டு திசைகளையும் காட்டினால் அங்கே நிற்பது உங்கள் உரிமை. ஆனாலும் பக்கத்தில் நேர் தடம் காலியாக இருந்தால் அதை விட்டு இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இல்லை. பலகை இல்லாத இடத்தில் இடப்பக்கத் திருப்பமும் சிக்னலுக்குக் கட்டுப்பட்டதே என்பதையும் நினைவில் வையுங்கள்.

திரும்புவதற்கு இரண்டு தடங்கள் இருக்கும் சந்திப்பில், முதலாவது படியில் சொன்ன 'இரண்டிரண்டாக' என்பது கைகொடுக்கும். வலப்பக்கம் திரும்ப இரண்டாவது, மூன்றாவது தடங்கள் இரண்டிலும் வல அம்பு இருக்கிறது. திரும்பியபின் சிறிது தூரத்திலேயே இடப்பக்கத் தெருவுக்குள் நுழைய வேண்டும். அப்படியானால் இரண்டாவது தடத்தைத் தேர்ந்தெடுங்கள். திருப்பத்தின் வெளிவட்டத்தில் வந்து புதிய சாலையின் இடப்பக்கத்திலேயே சேர்வீர்கள். நடுத் தடுப்பை ஒட்டிய மூன்றாவது தடத்தில் திரும்பியவர், புதிய சாலையிலும் தடுப்பை ஒட்டியே வெளியே வருவார். அங்கிருந்து இடப்பக்கத் தெருவுக்குச் சாலையையே குறுக்கே வெட்ட வேண்டியிருக்கும்.

6. தடம் மாறும் முறை

நடுக்கண்ணாடி, மாறப்போகும் பக்கத்துக் கண்ணாடி, இண்டிகேட்டர், மூன்று நொடிக் காத்திருப்பு, மீண்டும் கண்ணாடி, தோளுக்கு மேல் ஒரு பார்வை, பிறகு நகர்தல். இந்த வரிசையில் இண்டிகேட்டருக்குப் பின் வரும் காத்திருப்பைத்தான் எல்லோரும் விழுங்கிவிடுகிறார்கள். இண்டிகேட்டர் ஒரு முறை மின்னும் முன்பே கார் கோட்டின் மேல் ஏறிவிடுகிறது. அப்படிப் போடுவது பின்னால் வருபவருக்கு எந்தச் செய்தியையும் தருவதில்லை.

தோளுக்கு மேல் பார்ப்பதற்குக் காரணம் இருசக்கர வாகனங்கள். அவை தடக் கோட்டின் மேலேயே, இரண்டு கார்களுக்கு நடுவில் வருகின்றன. கண்ணாடியின் பார்வையிலிருந்து நழுவி, உங்கள் பின்கதவுக்கு நேராக வரும் ஸ்கூட்டரைக் கண்ணாடி காட்டாது. இடப்பக்கம் மாறும்போது இது இன்னும் முக்கியம். உங்களுக்கும் நடைபாதைக்கும் இடையே இருக்கும் ஒரு மீட்டர் இடத்திலும் ஒருவர் வந்துகொண்டிருக்கலாம்.

ஒரு முறைக்கு ஒரு தடம் மட்டுமே மாறுங்கள். மாறியதும் இண்டிகேட்டரை அணைத்து, இரண்டு நொடி அந்தத் தடத்தில் நேராக ஓடவிட்டு, பிறகு அடுத்ததற்கு இதே வரிசையை முதலிலிருந்து தொடங்குங்கள். ஒரே இண்டிகேட்டரோடு இரண்டு தடங்களைச் சாய்வாக வெட்டும்போது, இரண்டாவது தடத்தில் யார் வருகிறார் என்பதை நீங்கள் பார்ப்பதே இல்லை. முதல் தடத்துக்காகப் பார்த்த பார்வையை வைத்தே இரண்டையும் தாண்டிவிடுகிறீர்கள்.

ஊர்ந்து செல்லும் நெரிசலில் மேலே சொன்ன தூரக் கணக்குப் பயன்படாது. அங்கே நேரம் நிறையக் கிடைக்கும், இடைவெளிதான் கிடைக்காது. இண்டிகேட்டரைப் போட்டபடி உங்கள் தடத்திலேயே நேராகச் செல்லுங்கள். காரின் மூக்கை மட்டும் நுழைத்து நிறுத்துவதால் இரண்டு தடங்கள் அடைபடுகின்றன. பின்னால் வருபவரின் கோபம்தான் மிச்சம். பக்கத்துத் தடத்தில் வேகம் கூடும் கணத்தில் வாகனங்களுக்கிடையே இடைவெளி விரியும். அந்தக் கணத்துக்காகக் காத்திருங்கள்.

7. தொடர்கோட்டுக்குப் பிறகு

தடத்துக்குள் வந்துவிட்டபின் செய்ய வேண்டியது குறைவு. தரையில் உள்ள அம்பு உங்கள் முடிவோடு பொருந்துகிறதா என்று சரிபார்த்து, திரும்பும் பக்கத்து இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு, அந்தத் தடத்திலேயே இருங்கள். பச்சை விழுந்து திரும்பும்போதும் எந்தத் தடத்தில் தொடங்கினீர்களோ அதன் வட்டத்திலேயே திரும்புங்கள். முதல் தடத்திலிருந்து இடப்பக்கம் திரும்புகிறவர் புதிய சாலையின் முதல் தடத்தில்தான் சேர வேண்டும். அகலமாக வீசித் திரும்பி இரண்டாவது தடத்தில் போய் விழுந்தால், எதிர்ப்புறத்திலிருந்து வலப்பக்கம் திரும்பி வருபவர் அங்கே இருக்கக்கூடும்.

இடப்பக்கத் திருப்பத்துக்குச் சற்று முன் பேருந்து நிறுத்தம் இருப்பது நம் ஊர்ச் சந்திப்புகளில் வழக்கம். பேருந்து நிற்கிறது என்பதற்காக இரண்டாவது தடத்துக்குப் போய், பேருந்தின் மூக்குக்கு முன்னால் இடப்பக்கம் வெட்டாதீர்கள். பேருந்து எப்போது கிளம்பும் என்று உங்களுக்குத் தெரியாது; அதன் முன்னால் சாலையைக் கடக்கும் பயணியும் உங்கள் கண்ணுக்குத் தெரியமாட்டார். பின்னாலேயே நிற்பதால் அரை நிமிடம் போகும், அவ்வளவுதான்.

8. அம்பும் பழக்கமும் முரண்படும் மூன்று இடங்கள்

'இடப்பக்கம் திரும்ப இடத்தடம், வலப்பக்கம் திரும்ப வலத்தடம்' என்ற பழக்கம் பொதுவாகச் சரி. ஆனால் அதை நம்பி ஏமாறும் இடங்களும் இருக்கின்றன.

முதலாவது, மேம்பாலத்துக்குக் கீழே உள்ள சந்திப்பு. பாலம் பெரும்பாலும் சாலையின் நடுவிலிருந்து ஏறுகிறது. ஆகவே பாலத்துக்குக் கீழே போய் வலப்பக்கம் திரும்ப வேண்டியவர், பாலம் தொடங்கும் முன் இடப்பக்கத் தடத்துக்கு வந்தாக வேண்டும். வலப்பக்கம் திரும்ப வேண்டும் என்பதால் கடைசித் தடத்தைப் பிடித்தவர், நேர் அம்பின் மேலேயே ஓட்டி, பாலத்தின் மேல் ஏறி, சந்திப்பைத் தலைக்குமேல் தாண்டிப் போய்விடுவார். வழிகாட்டும் செயலியும் பாலத்தின் மேலா கீழா என்று சில நேரம் குழம்பும். இந்த இடங்களில் தரை அம்பைவிடப் பாலத்துக்கு முன் வைத்திருக்கும் பலகையே நம்பகமானது.

இரண்டாவது, கத்திப்பாரா, மதுரவாயல் போன்ற குளோவர் லீஃப் மேம்பாலங்கள். இவற்றில் வலப்பக்கச் சாலைக்குப் போகும் வழி, குறுக்குச் சாலையைத் தாண்டியபின் இடப்பக்கமாகப் பிரிந்து முக்கால் வட்டம் சுற்றி இறங்கும் வளைபாதை. இடப்பக்கச் சாலைக்கான வழி அதற்கு முன்பே, அதுவும் இடப்பக்கமாகவே, பிரிகிறது. இரண்டு பிரிவுகளுமே இடப்பக்கம் என்பதால் முதல் தடத்துக்கு வந்துவிட்டு, எத்தனையாவது பிரிவு என்று எண்ணுவதே வழி: முதல் பிரிவு இடப்பக்கச் சாலைக்கு, குறுக்குச் சாலையைத் தாண்டி வருவது வலப்பக்கச் சாலைக்கு.

மூன்றாவது, வலப்பக்கம் திரும்ப அனுமதியில்லாத சிக்னல். சென்னையில் இப்படிப் பல உண்டு. நேராகப் போய், யூ-டர்ன் அடித்து, திரும்பி வந்து இடப்பக்கம் திரும்ப வேண்டும். யூ-டர்ன் அடித்தவர் தடுப்பை ஒட்டிய தடத்தில் வெளியே வருகிறார். அவருக்குத் தேவையானதோ நடைபாதையை ஒட்டிய தடம். யூ-டர்னுக்கும் சிக்னலுக்கும் இடையே 150 மீட்டர்தான் இருந்தால், நான்காவது படியின் கணக்குப்படி, ஓடும் போக்குவரத்தில் இரண்டு தடங்களைத் தாண்டுவது கடினம். எதிர்ச்சாலையின் எல்லாத் தடங்களும் ஒருசேரக் காலியாகும் இடைவெளிக்காக யூ-டர்ன் வாயிலேயே காத்திருந்து, திரும்பும்போதே இண்டிகேட்டரோடு தடம் தடமாக நகரத் தொடங்குங்கள். பின்னாலிருந்து வரும் ஹாரனுக்காகச் சிறிய இடைவெளியில் நுழைந்தால் தடுப்பை ஒட்டிய தடத்திலேயே சிக்கிக்கொள்வீர்கள். அடுத்த யூ-டர்ன் தொலைவில் இருந்தாலும் அதைப் பயன்படுத்தினால், தடம் மாற வேண்டிய தூரம் தாராளமாகக் கிடைக்கும். பெட்ரோல் கொஞ்சம் கூடச் செலவாகும். புதிதாக ஓட்டுபவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

9. ஒரு சந்திப்பை முழுதாகக் கணக்கிட்டுப் பார்த்தல்

ஒரு பக்கத்துக்கு மூன்று தடங்கள் உள்ள சாலை. வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வந்ததால் நீங்கள் முதல் தடத்தில் இருக்கிறீர்கள். அடுத்த சிக்னலில் வலப்பக்கம் திரும்ப வேண்டும். வல அம்பு மூன்றாவது தடத்தில் மட்டும் இருக்கிறது. மாலை நேரம், அந்தத் தடத்தில் பதினைந்து கார்கள் நிற்கின்றன.

நிறுத்தக் கோட்டிலிருந்து பின்னோக்கி எண்ணுவோம். வரிசைக்கு 105 மீட்டர். வரிசையின் வாலில் நிதானமாக வேகம் குறைத்து நிற்க இன்னும் 50 மீட்டர். ஆக, கோட்டிலிருந்து 155 மீட்டர் தொலைவிலேயே நீங்கள் மூன்றாவது தடத்தின் நடுவில் இருக்க வேண்டும். இரண்டாவது தடத்திலிருந்து மூன்றாவதுக்கு மாற 110 மீட்டர். அதற்கு முன் இரண்டு நொடி நேராக ஓட ஏறத்தாழ 30 மீட்டர். முதல் தடத்திலிருந்து இரண்டாவதுக்கு மாற 110 மீட்டர். எல்லாம் சேர்த்து 405 மீட்டர்.

அதாவது கண்ணாடியை முதன்முதலாகப் பார்க்க வேண்டியது சிக்னலுக்கு நானூறு மீட்டர் முன்னால், ஏறத்தாழ அரை நிமிடம் முன்னால். அந்த இடத்தில் தரையில் அம்பே இருக்காது. தொலைவில் சிக்னல் விளக்குகூட ஒரு புள்ளியாகத்தான் தெரியும். வரிசையே இல்லாத காலை ஆறு மணியில், தொடர்கோட்டின் ஐம்பது மீட்டரை மட்டும் கணக்கில் கொண்டால் இதே வேலைக்கு முந்நூறு மீட்டர் போதும். பெட்ரோல் பங்க் சிக்னலுக்கு 200 மீட்டரிலேயே இருந்தால், மாலை நேரத்தில் அந்தச் சந்திப்பில் வலப்பக்கம் திரும்புவதை விட்டுவிட்டு வேறு வழியைத் தேடுவதே நல்லது. இந்த முடிவைப் பங்கின் வாசலிலேயே எடுத்துவிடலாம்.

10. தவறான தடத்தில் மாட்டிக்கொண்டால்

தொடர்கோடு தொடங்கிவிட்டது, அம்பு வேறு திசையைக் காட்டுகிறது என்றால் அம்பு காட்டும் திசையிலேயே போங்கள். இடப்பக்கம் போக வேண்டியவர் நேர் தடத்தில் இருந்தால் நேராகவும், நேராகப் போக வேண்டியவர் வலத்தடத்தில் இருந்தால் வலப்பக்கமும் போக வேண்டியதுதான். அடுத்த யூ-டர்ன் வரை போய்த் திரும்பினால் சில நிமிடங்கள் செலவாகும்.

செய்யக் கூடாதவை இரண்டு. பாலம் பிரியும் இடத்தில், இரு பாதைகளுக்கும் நடுவே பட்டைக் கோடுகள் போட்ட முக்கோணத்தில் நிறுத்தி யோசிப்பது ஒன்று; பின்னால் முழு வேகத்தில் வருபவர்கள் கடைசிக் கணத்தில் இடமோ வலமோ பிரியும் இடம் அது, அங்கே யாரும் நிற்கும் காரை எதிர்பார்ப்பதில்லை. தவறவிட்ட பிரிவுக்காக ரிவர்ஸ் எடுப்பது மற்றொன்று.

செயலி புதிய வழியைக் கணக்கிட்டுச் சொல்லும்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருக்காமல், சந்திப்பைத் தாண்டி முதல் தடத்துக்கு வந்து, நிறுத்த அனுமதியுள்ள ஓர் ஓரத்தில் நின்று, அடுத்த இரண்டு திருப்பங்களையும் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.